கரித்துணிக்கு வெள்ளாவி, ஸ்பாஞ்சுக்குத் தவணை!



பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் வாங்கிப் பத்தே நாளில் புளித்த வாடை அடிக்கிறது, எலுமிச்சம்பழத் தோலைப் போட்டு ஊற வைத்தும் போகவில்லை, என்ன செய்வது என்று சில வாரங்களுக்கு முன் இதே பகுதியில் ஒரு சகோதரி கேட்டிருந்தார். பதில் எழுதியவர்களில் ஒருவர் உப்புத் தண்ணீர் என்றார், ஒருவர் வினிகர் என்றார், இன்னொருவர் வெயிலில் வையுங்கள் என்றார். எல்லாரும் கைப்பட்ட அனுபவத்தில் சொன்னதுதான். ஆனால் இவற்றில் எது எவ்வளவு தூரம் பலிக்கும், எந்தக் கட்டத்தில் 'போதும்டா சாமி' என்று அந்த ஸ்பாஞ்சைக் குப்பையில் போட வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. நான் மனையியல் படித்தவள். படித்ததையும், எதிர்வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் செய்து பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வாடை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நாம் தேய்க்கிற பாத்திரத்தில் என்னென்ன இருக்கிறது? சாதத்தின் கஞ்சி, தோசை மாவு, பால் ஏடு, தயிர், குழம்பில் மிதக்கிற எண்ணெய். இதில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடுகிறது. ஒரு பங்கு ஸ்பாஞ்சின் கண்களுக்குள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. உள்ளே எப்போதும் ஈரம். நம்ம ஊர் அடுப்படிச் சூடு கேட்கவே வேண்டாம். தோசை மாவு புளிக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அங்கே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அந்த மாவையும் கொழுப்பையும் தின்று அமிலமாக மாற்றுகின்றன. அதுதான் அந்தப் புளித்த வாடை.

'சோப்புப் போட்டுத்தானே தேய்க்கிறோம், அப்புறம் எப்படிக் கிருமி?' என்று கேட்பீர்கள். பாத்திர சோப்பும் லிக்விடும் பிசுக்கைக் கிளப்பி விடுகிற வேலையைச் செய்கின்றன. பாத்திரத்தில் இருக்கிற கிருமி அந்தப் பிசுக்கோடு சேர்ந்து வழிந்து போய்விடும். ஸ்பாஞ்சுக்குள் குடியேறியவை அப்படிப் போவதில்லை. அவை தங்களைச் சுற்றி வழவழவென்று ஒரு படலம் கட்டிக்கொண்டு, அதற்குள் பத்திரமாக இருக்கின்றன. பழைய ஸ்பாஞ்சைப் பிழியும்போது கையில் ஒரு வழுவழுப்பு தட்டுப்படுகிறதே, சோப்பு என்று நினைத்து விட்டுவிடுகிறோம். நன்றாக அலசின பிறகும் அது இருந்தால் அது சோப்பு இல்லை. எலுமிச்சை மணம் போட்ட லிக்விட் அந்த வாடையைக் கொஞ்ச நேரம் மூடி வைக்கும், அவ்வளவுதான்.

2017-ல் ஜெர்மனியில் ஃபுர்ட்வாங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், வீடுகளில் உபயோகத்தில் இருந்த 14 ஸ்பாஞ்சுகளை வாங்கிச் சோதித்தார்கள். சில இடங்களில், ஒரு சர்க்கரைக் கட்டியைவிடச் சின்ன துண்டில் 5,400 கோடி கிருமிகள் வரை இருந்தன. இதைக் கேட்டு அலற வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களை ஒன்றும் செய்யாத ரகம். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு ஒன்று. 'நாங்கள் ஸ்பாஞ்சை அடிக்கடி சூடு பண்ணிச் சுத்தம் செய்கிறோம்' என்று சொன்னவர்கள் வீட்டு ஸ்பாஞ்சுகளில் கிருமி குறைந்திருக்கவில்லை. வாடை கிளப்புகிற மொராக்செல்லா என்ற கிருமியின் பங்கு அவற்றில் இன்னும் கூடுதலாகவே இருந்தது. மழைக்காலத்தில் துவைத்த துணி காயாமல் ஒரு ஈர வாடை அடிக்குமே, அதற்கும் இதே கிருமிதான் காரணம். சூடு பண்ணும்போது பல கிருமிகள் செத்துவிடுகின்றன. ஆழத்தில் தப்பிப் பிழைத்தவை, செத்தவற்றையும் தின்று, காலியான இடத்தில் மளமளவென்று பெருகிவிடுகின்றன. அதனால்தான் அந்த ஆய்வாளர்கள் வாரம் ஒரு முறை ஸ்பாஞ்சையே மாற்றிவிடச் சொன்னார்கள்.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். துணியைத் திரும்பத் திரும்ப மீட்டுவிடலாம். ஸ்பாஞ்சை மீட்க முடியாது, கொஞ்சம் தவணை வாங்கலாம். இரண்டையும் ஒரே மாதிரி நினைத்துக்கொண்டு பாடுபடுவதால்தான் நமக்கு அலுப்புத் தட்டுகிறது.

துணியை எடுத்துக்கொள்வோம். பழைய வேஷ்டித் துண்டு, பருத்திப் பாவாடைத் துணி, கடையில் வாங்கிய கட்டம் போட்ட துணி எதுவானாலும் சரி, நூல் மெல்லியது, வெந்நீர் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போய்விடும். அந்தக் காலத்தில் வண்ணார் வெள்ளாவி வைத்ததும் இந்தத் தத்துவம்தான். உவர்மண்ணில் இருக்கிற காரம் பிசுக்கை எடுக்கும், ஆவியின் சூடு மற்றதைப் பார்த்துக்கொள்ளும். நமக்கு உவர்மண்ணுக்குப் பதில் சலவை சோடா. மளிகைக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். ஆப்பத்துக்கும் பஜ்ஜிக்கும் போடுகிற சமையல் சோடா வேறு, அதற்கு இவ்வளவு காரம் கிடையாது.

செய்கிற முறை இது. துணியை முதலில் சாதாரண சோப்புப் போட்டுக் கசக்கி அலசிவிடுங்கள். இந்த வேலையைத் தாண்டிக் குதிக்க வேண்டாம், ஏனென்றால் எண்ணெய்ப் பிசுக்கு மேலே இருந்தால் அடியில் இருப்பவற்றுக்கு அது கவசம் மாதிரி. பிறகு ஒரு பழைய எவர்சில்வர் பாத்திரத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர் வைத்து, ஒரு மேஜைக்கரண்டி சலவை சோடா போட்டுக் கொதிக்க விடுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, சோடா அதை அரித்துக் கறுப்பாக்கிவிடும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது துணியைப் போட்டு, ஒரு குச்சியால் அமுக்கி அமுக்கி விட்டு, 10 முதல் 15 நிமிஷம் கொதிக்க விடுங்கள். மேலே உப்பிக்கொண்டு வருகிற இடத்தில் காற்று இருக்கிறது, அங்கே தண்ணீர் போகாது. அதனால்தான் அமுக்கச் சொல்கிறேன். முகத்தை மேலே நீட்டிப் பார்க்காதீர்கள், சோடாத் தண்ணீர் தெறித்தால் எரியும். இறக்கி ஆறின பிறகு பாருங்கள், தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். 'தினமும் துவைத்த துணியா இது!' என்று தோன்றும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, பிழிந்து, ஒற்றைத் துணியாக விரித்து வெயிலில் போடுங்கள். அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காமல் இதற்கென்றே ஒதுக்கிவிடுவது நல்லது.

வாஷிங் மெஷின் வைத்திருப்பவர்கள் அதிலே 60 டிகிரிக்கு மேல் சூடு வைக்க வசதி இருந்தால் அப்படியே போட்டுவிடலாம். பச்சைத் தண்ணீரில் சுற்றுகிற மெஷினில் போட்டால் அழுக்குப் போகும், வாடை போகாது.

இனி ஸ்பாஞ்ச். மஞ்சளாகவோ நீலமாகவோ மெத்தென்று இருந்து, ஒரு பக்கம் பச்சை நார் ஒட்டியிருக்குமே, அந்த ரகத்தைச் சொல்கிறேன். இதையும் முதலில் சோப்புப் போட்டு, நுரை நிற்கும் வரை பிழிந்து பிழிந்து அலச வேண்டும். பிறகு சோடா போடாத வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஸ்பாஞ்சைப் போட்டு 5 நிமிஷம். இங்கேதான் நிறையப் பேருக்குப் பலன் கிடைக்காமல் போகிறது. ஸ்பாஞ்ச் தக்கை மாதிரி மிதக்கும். மேல் பாதி கொதிநீரைத் தொடவே தொடாது, கீழ்ப் பாதி மட்டும் வேகும். இடுக்கியால் அதைத் தண்ணீருக்குள் அமுக்கி, அங்கேயே ஒரு தடவை நசுக்கி விடுங்கள். குபுகுபுவென்று காற்று வெளியே வந்து, விட்டதும் கொதிநீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். இப்படி நாலைந்து தடவை. அடுப்பை அணைத்து, நன்றாக ஆறின பிறகே கையால் பிழியுங்கள். ஸ்பாஞ்ச் உள்ளே சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், வெளியே தொட்டுப் பார்த்து ஏமாறக் கூடாது.

வேக வைத்த உடனே முகர்ந்து பார்த்தால் எந்த ஸ்பாஞ்சும் நல்ல பிள்ளைதான். அதனால் சோதனையை மறுநாள் வையுங்கள். ராத்திரி முழுக்கக் காய விட்டு, காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு முறை நனைத்துப் பிழிந்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போங்கள். காய்ந்த ஸ்பாஞ்ச் வாடையை மறைத்துவிடும். இளஞ்சூட்டில் நனைத்தால் உள்ளே என்ன இருக்கிறதோ அது வெளியே வந்துவிடும்.

இப்போது எதிர்வீட்டுக் கதையைச் சொல்கிறேன். 2023-ல் ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நேரம். எதிர்வீட்டு அக்கா தன் பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வந்து, குழந்தைக்கு 40 நாள் ஆகியிருந்தது. தாய்ப்பால் போதவில்லை என்று டாக்டர் சொன்னபடி பவுடர் பாலும் கலந்து பாலாடையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் அக்கா ஒரு டம்ளரோடு வந்தார். "ஏம்மா, இதை மோந்து பாரேன். தேய்ச்சு வச்ச டம்ளர்தான். ஊசல் வாடை வருது பாரு. பால் கெட்டுப் போச்சான்னு நேத்து ஒரு லிட்டர் பாலைக் கொட்டிட்டேன்." பாலில் ஒரு குற்றமும் இல்லை. டம்ளரைத் துடைத்த துணியில்தான் வாடை. அந்தத் துணியைவிட ஸ்பாஞ்ச் இன்னும் மோசம். அந்த ஸ்பாஞ்சில்தான் பாலாடையையும் தேய்த்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்ததும் எனக்குத் திக்கென்றது.

பாலாடை சமாசாரத்தை அன்றைக்கே தனியாகப் பிரித்துவிட்டோம். அதற்கென்று ஒரு சின்ன பிரஷ், வேறு எதற்கும் அதைத் தொடக் கூடாது. தேய்த்து அலசி, தண்ணீரில் முழுக மூழ்க வைத்து 10 நிமிஷம் கொதிக்க விட்டு, துணியால் துடைக்காமல் தானாக உலர விட வேண்டும். பச்சைக் குழந்தை, கீமோ சிகிச்சையில் இருப்பவர், வயதான சர்க்கரை நோயாளி என்று எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருக்கிற வீட்டில், மற்றவர்களை ஒன்றும் செய்யாத கிருமிகூடப் படுத்தி வைத்துவிடும். அங்கே 'இன்னும் ரெண்டு நாள் ஓட்டலாம்' என்ற பேச்சே கூடாது.

மீதி இருந்தவற்றைத் திங்கட்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து எடுத்தோம். மூன்று வாரம் தாண்டின ஒரு ஸ்பாஞ்ச், ஒரு வாரம் ஆன இன்னொரு ஸ்பாஞ்ச், ஒரே வேஷ்டியில் கிழித்த இரண்டு துணிகள். பழைய ஸ்பாஞ்சை அக்காவின் பெண் ஏற்கெனவே இரண்டு தடவை எலுமிச்சைச் சாற்றில் ஊற வைத்துப் பார்த்திருக்கிறாள். எல்லாவற்றையும் மேலே சொன்ன முறையில் வேக வைத்தோம். ஸ்பாஞ்ச் இரண்டையும் கிளிப் போட்டு ஜன்னல் கம்பியில் தொங்க விட்டோம். துணிகளில் ஒன்றைப் பின்கட்டுக் கொடியில் விரித்துக் காற்றாட விட்டோம். இன்னொன்றை அக்கா எப்போதும் வைக்கிற மாதிரியே நாலாக மடித்துக் குழாய்க் கழுத்தில் மாட்டி வைக்கச் சொன்னேன். வேண்டுமென்றேதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் எதிலும் வாடை இல்லை. பழைய ஸ்பாஞ்சை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்தபோது மட்டும் லேசாக ஒரு சந்தேகம். வழக்கம்போல எல்லாவற்றையும் உபயோகிக்க ஆரம்பித்தார்கள். புதன் சாயங்காலத்துக்குள் பழைய ஸ்பாஞ்சில் அதே புளித்த வாடை, குறையாமல் அப்படியே. குழாயில் மடித்து வைத்த துணியிலும் ஈர வாடை ஆரம்பித்துவிட்டது. கொடியில் விரித்த துணியோ, ஒரே வேஷ்டியில் கிழித்து, ஒரே தண்ணீரில் வெந்தது, அந்த மழையிலும் சுத்தமாக இருந்தது. ஒரு வாரம் ஆன ஸ்பாஞ்ச் ஞாயிற்றுக்கிழமை வரை தாங்கியது. மறுநாள் திங்களன்று அதை இன்னொரு முறை வேக வைத்தோம். இந்தத் தடவை வியாழக்கிழமையே வாடை வந்துவிட்டது. முதல் தவணை ஆறு நாள், அடுத்த தவணை மூன்றே நாள். அதற்கு மேல் வேக வைத்தால் கேஸ்தான் செலவு. இரண்டு ஸ்பாஞ்சும் குப்பைக்குப் போயின. துணிகள் இரண்டும் அதற்குப் பிறகு பல மாதம் உழைத்தன.

ஆக, தூக்கிப் போடுகிற நேரத்தை எனக்குச் சொல்வது அந்த இடைவெளிதான். வேக வைத்துக் காய விட்ட பிறகு இரண்டு நாளுக்குள் வாடை திரும்பினால் அந்த ஸ்பாஞ்சின் ஆயுள் முடிந்தது. பச்சை நார் உதிர ஆரம்பித்தாலும், அலசின பிறகு வழுவழுப்பு போகாவிட்டாலும் அதே தீர்ப்புதான்.

ஆனால் மூக்கை மட்டும் நம்பவும் கூடாது. பச்சைக் கோழியிலும் முட்டை ஓட்டிலும் இருக்கக்கூடிய சால்மொனெல்லா போன்ற வயிற்றுப் போக்குக் கிருமிக்குத் தனியாக வாடை ஒன்றும் கிடையாது. அதனால் வாடை இல்லாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு மேல் நான் ஒரு ஸ்பாஞ்சை வைத்துக்கொள்வதில்லை. புதிதாக எடுக்கிற அன்று தினசரி காலண்டரில் இரண்டு வாரம் தள்ளி ஒரு சுழி போட்டு வைத்துவிடுவேன். அந்தத் தாளைக் கிழிக்கிற அன்று ஸ்பாஞ்சும் போய்விடும். செலவாகிறதே என்று தோன்றினால், புது ஸ்பாஞ்சைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். பாதித் துண்டு கைக்கும் அடக்கமாக இருக்கும், சீக்கிரமும் காயும்.

அசைவம் சமைக்கிற வீடுகளில், கோழியோ மீனோ வெட்டின பலகையையும், ரத்தத் தண்ணீர் சிந்தின மேடையையும் ஸ்பாஞ்சால் தொடவே வேண்டாம். பழைய செய்தித்தாளால் ஒற்றி எடுத்துப் போட்டுவிட்டு, பிறகு சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். துணியால் துடைத்துவிட்டீர்களா? அந்தத் துணி நேரே சோடாத் தண்ணீருக்குப் போகட்டும், மறுபடி மேடைக்கு வரக் கூடாது.

இனி எலுமிச்சைக்கும் வினிகருக்கும் வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். 2007-ல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆராய்ச்சிக்காரர்கள் ஸ்பாஞ்சுகளை மாட்டிறைச்சிக் கலவையில் இரண்டு நாள் ஊற வைத்துக் கிருமியை வளர்த்து, பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு வைத்தியம் செய்து பார்த்தார்கள். எலுமிச்சைச் சாறு, பிளீச் தண்ணீர், வெறும் தண்ணீர் இவை மூன்றிலும் செத்தது 37 முதல் 87 சதவீதம் வரைதான். 87 என்றால் முக்கால்வாசிக்கு மேல் போய்விட்டதே என்று தோன்றும். ஒரு கோடி கிருமி இருந்தால் இன்னும் 13 லட்சம் மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ராத்திரிக்குள் அவை பழைய கணக்கைப் பிடித்துவிடும். எலுமிச்சை மணம் போன மறுநாளே பழைய வாடை வருகிறதென்று அந்தச் சகோதரி எழுதியது இதனால்தான்.

அதே சோதனையில் மைக்ரோவேவ் அடுப்பில் ஒரு நிமிஷம் வைத்த ஸ்பாஞ்சில் கோடியில் ஒன்றுதான் பிழைத்தது. மைக்ரோவேவ் உள்ளவர்கள் வேக வைப்பதற்குப் பதில் அதைச் செய்யலாம். ஆனால் ஸ்பாஞ்ச் சொட்டச் சொட்ட நனைந்திருக்க வேண்டும். காய்ந்ததையோ அரைகுறையாக நனைந்ததையோ வைத்தால் தீப்பிடித்துவிடும். கம்பி நார் கலந்ததை வைக்கவே கூடாது. அணைத்த பிறகு சில நிமிஷம் கதவைத் திறக்காமல் ஆற விடுங்கள், பிள்ளைகள் கையில் கொடுக்கிற வேலை இல்லை இது. இவ்வளவு செய்தாலும் இரண்டு வாரக் கணக்கு மாறாது. சோதனைச் சாலையில் ஒரு முறை செத்தது வேறு, வீட்டில் மறுபடி மறுபடி சோறும் பாலும் ஊட்டப்படுவது வேறு.

பிளீச் லிக்விட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளைத் துணிக்கு அது உதவும். நன்றாக அலசின துணியை, ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் 4 டீஸ்பூன் கலந்து 10 நிமிஷம் ஊற வைத்தால் போதும். பிசுக்கு இருந்தால் மருந்து அதிலேயே செலவாகிவிடும். வெந்நீரில் கலந்தாலும் வீரியம் போய்விடும். திறந்து வைத்த பிளீச்சிங் பவுடரும் அப்படியே, நாளாக ஆக வெறும் சுண்ணாம்பு மாதிரிதான். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பிளீச்சோடு வினிகர், எலுமிச்சை, கழிப்பறை கழுவும் ஆசிட் எதையும் கலக்காதீர்கள். 'ரெண்டு மருந்து சேர்ந்தா நல்லா கேட்கும்' என்று நினைத்துக் கலந்தால் மூச்சை அடைக்கிற விஷ வாயு கிளம்பும். மூடின அடுப்படியில் அது விளையாட்டில்லை.

இவ்வளவு வைத்தியத்தையும்விட அன்றாடம் பலன் தருவது காய வைப்பதுதான். எதிர்வீட்டு இரண்டு துணிகளுக்கும் இருந்த வித்தியாசம் அது ஒன்றே. நார்வே நாட்டு ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்வில் ஸ்பாஞ்சையும் பாத்திரம் தேய்க்கிற பிரஷையும் ஒப்பிட்டார்கள். ஒரு பயன்பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே பிரஷ் காய்ந்துவிடுவதால் சால்மொனெல்லா அதில் செத்துப் போனது, ஈரமாகவே இருந்த ஸ்பாஞ்சில் உயிரோடு இருந்தது. நம் வீடுகளில் ஸ்பாஞ்ச் எங்கே இருக்கிறது? சோப்பு டப்பாவுக்குள், தேங்கின தண்ணீரில் மிதந்துகொண்டு. அந்த டப்பாவை முதலில் மாற்றுங்கள். ராத்திரி கடைசிப் பாத்திரம் முடிந்ததும் ஸ்பாஞ்சைச் சோப்புப் போக அலசி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக் கடைசிச் சொட்டு வரை அழுத்தி, ஒரு மூலையில் கிளிப் போட்டுத் தொங்க விடுங்கள். இரண்டு ஸ்பாஞ்ச் வைத்துக்கொண்டு காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று என்று மாற்றினால் ஒவ்வொன்றும் காய நேரம் கிடைக்கும்.

துணிக்கும் அப்படித்தான். எங்கள் வீட்டில் பாத்திரம் துடைக்க ஒன்று, மேடைக்கு ஒன்று, சூட்டுப் பாத்திரம் பிடிக்கிற கரித்துணி ஒன்று என்று மூன்று. பாத்திரத் துணியையும் மேடைத் துணியையும் தினமும் மாற்றிவிடுவேன். அழுக்குத் துணியை மூடின பக்கெட்டில் போட்டு வைத்தால் அடுத்த நாளே நாறும் என்பதால் அலசிக் கொடியில் போட்டுவிட்டு, சனிக்கிழமை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வெள்ளாவி. அடைமழைக் காலத்தில் மட்டும் இரண்டு தடவை. தடிமனான டவல் துணி தண்ணீரை நன்றாக உறிஞ்சும்தான், ஆனால் மழை நாளில் காயவே காயாது. அந்த மாதங்களில் மெல்லிய பழைய வேஷ்டிக்கு ஈடு எதுவும் இல்லை. சோடாவில் கொதித்த பிறகும் துணி பிசுபிசுவென்று இருந்தாலோ, தண்ணீரை உறிஞ்சாமல் மேடையில் வழித்துக்கொண்டே போனாலோ, வெளிச்சத்தில் பிடித்தால் நூல் நூலாகத் தெரிந்தாலோ மாற்றிவிடலாம்.

தேங்காய் நார் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பாட்டி ஒரு பிடி நாரும் சாம்பலும் வைத்துத்தான் தேய்ப்பார். நார் தொளதொளவென்று விரிந்திருப்பதால் சீக்கிரம் காயும். அதைவிட, கொத்துக் கொத்தாகப் பிய்த்து இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை தூக்கிப் போட்டுவிடுவார், அதனால் அது நாற நேரமே கிடைக்கவில்லை. தேங்காய் உடைக்கிற வீடுகளில் அடிப்பிடித்த பாத்திரத்துக்கு இன்றைக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய்க் கூடும் நல்லதுதான், ஆனால் அதற்கும் உள்ளே கண்கள் உண்டு. அதையும் தொங்க விட்டுத்தான் காய வைக்க வேண்டும்.

தவணை முடிந்த ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட மனசு வராதவர்கள் ஒரு முறை வேக வைத்துவிட்டு, சைக்கிள், ஸ்கூட்டர் துடைக்கவோ பின்கட்டுத் திண்ணை தேய்க்கவோ வைத்துக்கொள்ளலாம். கீழே போகிற அன்றே அதன் ஒரு மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் வேலைக்கு வருகிற அம்மாவுக்கும் இந்த அடையாளம் அத்துப்படி. மூலை இல்லாத ஸ்பாஞ்ச் சிங்க் பக்கம் வந்தால், "இது வெளிவேலைக்காரி, உள்ளே வரக் கூடாது" என்று அவரே எடுத்துக் கொல்லைப் பக்கம் போட்டுவிடுகிறார்.

- ஸ்ரீரங்கம் வாசகி